பெரியவர் இரண்டு

ஒசாகாவிலிருந்து படம் வந்தால் சித்ரலேகா உடனே பதில் சொல்லமாட்டாள். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கையில் சுண்டுவிரலால் எழுதிப் பார்ப்பாள். அங்கே வேலை பார்க்கும் புருஷன் குருபிரசாத்தோடு போய் இருப்பதற்காகப் பாளையங்கோட்டையில் ஒரு வருஷம் ஜப்பான் மொழி படித்தவள். குடும்பத்துக்கு இப்போது விசா கிடைக்காது என்று அவன் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது மெட்ரோ டிக்கெட் இயந்திரத்தின் திரை. அவனை அழைத்தாள்.

“இங்கிலீஷ் பட்டன் இருக்குமே, தேடிப் பாருங்க.”

“பின்ன நீ படிச்சது எதுக்குட்டி?”

சிரித்துவிட்டாள். “மேல இருக்க வரைபடத்துல நீங்க போற ஸ்டேஷனுக்கு என்ன போட்டிருக்கு?”

“இருநூத்தி நாப்பது.”

“திரையில அதையே அமுக்குங்க. பைசா போடுறதுக்கு முன்னால ஒரு படம் அனுப்புங்க.”

அனுப்பினான். பெரியவர் இரண்டு, மொத்தம் நானூற்றெண்பது யென்.

“ரெண்டு டிக்கெட்டுல்லா காட்டுது. கூட யாரு?”

“கை தவறி அமுங்கிட்டு.”

“அப்போ ரத்து பண்ணுங்க. கீழ இடது மூலையில இருக்கு.”

“பைசா போட்டுட்டேன்.”

எதுவும் தொடாவிட்டால் அந்தத் திரை ஒருவர் என்றுதான் நிற்கும். இரண்டு ஆள் படம் போட்ட பட்டனைத் தேடித் தொட்டிருக்கிறான்.

யாருக்கு அந்த டிக்கெட் என்பது தை மாதம்தான் தெரிந்தது. மும்பையில் மகள் வீட்டுக்கு என்று சொல்லிப் போன மாமியார் சொர்ணாம்பாள், அந்த டிக்கெட் எடுத்த மாதம் முழுக்க ஒசாகாவில் இருந்திருக்கிறாள். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தெரியும்.