பிரிண்டரிடம் வழி கேட்டவர்

நெட்வொர்க் சரிசெய்வது அவள் வேலை. எந்த ஆபீசில் நெட் படுத்தாலும் முதலில் 'பிங்' என்று அடித்து, ஓர் எண் முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்றுதான் பார்ப்பாள். அதனால் 'பிங் அக்கா' என்றே பெயராகிவிட்டது. அன்று போன ஆபீசில் மேனேஜர் தையத்தக்கா என்று குதித்தார். "ஒரு வெப்சைட்டும் திறக்கல. லைன் செத்துப்போச்சு!"

அவள் அவருடைய கம்ப்யூட்டரில் வெளி சர்வர் ஒன்றின் எண்ணை அடித்தாள். உடனே பதில் வந்தது.

"லைன் உயிரோடதான் சார் இருக்கு. பேரைச் சொன்னா நம்பரைச் சொல்ற டிஎன்எஸ் சர்வர்தான் தப்பு." செட்டிங்ஸைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். "டிஎன்எஸ் நம்பர் போடுற கட்டத்துல புது பிரிண்டரோட நம்பர் இருக்கு. பிரிண்டர்கிட்ட வழி கேட்டா அதுக்கு என்ன தெரியும்?"

"எந்த மடையன் போட்டான்?"

"நேத்து பிரிண்டரை மாட்டினது யாரு சார்?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அக்காவுக்கு ஒரு காபி சொல்லுங்கப்பா."