காணாக்கடி

எங்கள் வீட்டில் சண்டை சோபாவால் வந்தது என்றுதான் என் கணவர் இன்றும் சொல்கிறார். சோபா ஒரு பாவமும் அறியாது. சண்டை ஒரு வார்த்தையால் வந்தது. அந்தச் சண்டை இல்லாமல் போயிருந்தால் நான் இன்று இருந்திருக்க மாட்டேன். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வளைகுடாவில், குதைபியா என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஓர் அறையில் நானும் கணவரும். இன்னோர் அறையில் ராத்தாவும் அவர் கணவரும். ராத்தா என்றால் அக்கா. கீழைக் கடற்கரையில் அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாடகை ஒப்பந்தம் ராத்தாவின் கணவர் பெயரில் இருந்ததால் வீட்டுக்கு ராணி ராத்தாதான். சமையலறை பொது என்று பெயர். அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார். அதில் என் மஞ்சள் டப்பா ஒரு விரல் அளவு தள்ளி நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து குளிக்கும்போது இடுப்பைச் சுற்றி அரிப்பு எடுத்தது. தொட்டுப் பார்த்தால் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தடித்திருந்தது. என் நிறத்துக்குச் சிவப்பெல்லாம் சரியாகத் தெரியாது. தடவினால்தான் மேடு தெரியும். சொறியச் சொறிய இன்னும் பரந்தது. பயந்துபோய்ப் படுத்தேன். காலையில் எழுந்தால் ஒரு தடயம் இல்லை. அப்பாடா என்று சேலையைக் கட்டினால், மதியம் தோளில். சாயங்காலம் தொடையில். இடம் மாறி மாறி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "காணாக்கடிடீ அது. வெத்தலையில மிளகு வச்சு மெல்லு" என்றாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதுதான் தப்பாகப் போயிற்று. ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ராத்தாவின் கை நின்றது.

"என்ன கடி?"

"காணாக்கடி ராத்தா. சும்மா அப்படிச் சொல்றது. தோல் தடிக்கிறதுக்குப் பேரு."

"கடின்னா கடிக்க ஒண்ணு இருக்கணும்ல புள்ள? காணாத கடின்னா ஒளிஞ்சு இருந்து கடிக்கிதுன்னு அர்த்தம்."

அவர் பார்வை என் சோபா மீது போய் விழுந்தது. ஊருக்கே திரும்பிப் போய்விட்ட ஒரு குடும்பத்திடம் நாங்கள் வாங்கிய பழைய சோபா அது. மூட்டைப்பூச்சி என்ற சொல்லை அவர் வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை. வளைகுடாவில் பகிர்ந்து குடியிருப்பவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய வசை என்று குடியிருந்தால்தான் தெரியும். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

மறுநாளே மருந்தடிக்கும் ஆளை வரவழைத்தார். அவன் டார்ச் அடித்துச் சோபாவின் வயிறு, முதுகு, மெத்தையின் தையல் எல்லாம் பார்த்துவிட்டு, "மாஃபி, மேடம். ஒண்ணும் மாஃபி" என்று அரபியில் 'இல்லை' சொல்லிக் கையை விரித்தான். ராத்தா அவனையும் நம்பவில்லை. "அது பகல்ல வெளிய வருமா?" என்றார். அன்று முதல் ஹாலில் அவர் தரையில்தான் உட்கார்ந்தார்.

டாக்டரிடம் போனேன். அங்கேயும் என் மானம் போனது. காத்திருந்து உள்ளே போவதற்குள் கை பளிங்கு போல ஆகிவிட்டது. "வந்தது, இப்ப போயிடுச்சு" என்று சொல்லும்போது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. மலையாளி டாக்டரம்மா சிரிக்கவில்லை. வருவதும் போவதும்தான் இதன் அடையாளம் என்றார். அடுத்த முறை போட்டோ எடுங்கள்; ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள்; பூச்சி கடித்ததாக இருந்தால் அதே இடத்தில் நாள்கணக்கில் நிற்கும், இதுவானால் ஒரு நாளுக்குள் வட்டம் காலியாகி வேறு இடத்தில் முளைக்கும் என்றார். ஏன் வருகிறது என்று கேட்டேன். பலருக்குக் காரணமே கிடைப்பதில்லையாம். அரிப்புக்கு ஒரு மாத்திரை எழுதினார். பிறகு மூச்சு, குரல், நாக்கு என்று வேறு ஏதேதோ சொல்லி, அப்படி வந்தால் வீட்டில் உட்காராதீர்கள் என்றார். காரணம் கிடைக்காது என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். மிச்சம் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

வட்டம் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீலப் பேனாவால் முழங்கைக்கு மேலே ஒன்று போட்டேன். சாயங்காலம் வட்டத்துக்குள் வெறும் தோல். ஓடிப்போய் ராத்தாவிடம் கையை நீட்டினேன்.

"பாருங்க, மூட்டைப்பூச்சி இல்ல. போயிடுச்சு!"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஒண்ணுமே இல்லாத இடத்தக் காட்டி என்னத்தப் புள்ள நிரூபிக்கிற?"

கையை இழுத்துக்கொண்டேன். ஒரு வகையில் அவர் சொன்னதும் சரிதானே. வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. நான் கையெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டு அலைந்தேன். வட்டம் காலியானால் எனக்கு நிம்மதி, அவருக்குச் சந்தேகம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எனக்குப் பல்வலி. கணவர் டியூட்டிக்குப் போயிருந்தார். ராத்தாவின் கணவர் கடையில். லீவில் ஊருக்குப் போனபோது வாங்கிவந்த ஆன்டிபயாடிக் பெட்டியில் மீந்து கிடந்தது. முன்பு ஒரு தடவை அதே மாத்திரையைப் போட்டு ஒன்றும் ஆனதில்லை. ஒன்றை விழுங்கிவிட்டு ஹாலில் துணி மடிக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் உடம்பு முழுக்கத் தடிப்பு. எனக்குப் பழகிய விருந்தாளிதானே என்று அரிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தேன். வட்டம் கோணலாக வந்தது. வயிற்றைப் புரட்டி வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் என்று நினைத்தேன். தலை லேசாகச் சுற்றியது. ஏசி வேலை செய்யவில்லையோ என்று பார்த்தேன். செய்தது. ஏனோ ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் கையைப் பார்த்தால் தடிப்பு அமுங்கிக்கொண்டிருந்தது! வட்டம் காலியாகிறது, அப்படியானால் சரியாகிறது. இதுதானே கணக்கு? பிறகு ஏன் உட்கார முடியவில்லை?

அப்போது சமையலறையிலிருந்து ராத்தாவின் குரல்.

"என் தட்டுல இருந்த பால் பாக்கெட்ட யாரு எடுத்தது?"

"நான் எடுக்கல" என்றேன்.

"என்னது?"

"நான்... எடுக்கல."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? நல்லாச் சொல்லேன்!"

கரண்டியோடு வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றார். என் கையையோ தோலையோ அவர் பார்க்கவே இல்லை. "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். எனக்கு என் குரல் சாதாரணமாகத்தான் கேட்டது. தொண்டையில் ஏதோ அடைத்தது போல மட்டும் இருந்தது.

"இது உன் குரல் இல்லியே புள்ள. தெனம் என்கூட மல்லுக்கு நிக்கிற குரல் எனக்குத் தெரியாதா? யா அல்லா, உதடெல்லாம் வீங்கிருக்கே!"

"ராத்தா, தடிப்பு குறையுது. கொஞ்ச நேரத்துல..."

"கொறஞ்சா உனக்கு ஏன் மூச்சு இழுக்குது?"

டாக்சிக்குப் போகலாம் என்று எழுந்தேன், கண் இருட்டியது. அவர் ஓர் அதட்டலில் என்னை உட்காரவைத்தார். ஒரு மாதமாகத் தொடாத அந்தச் சோபாவில்தான் உட்காரவைத்தார். முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலை நீட்டித் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு தானும் அதே சோபாவில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, தமிழும் இந்தியும் அரபியும் கலந்து, "குரல் போச்சு, மூச்சு மாஃபி, ஜல்தி, யல்லா" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்தது. சாகப் பயமாக இருந்தது. ராத்தாவின் கை என் கணுக்காலை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுடிதார் பேன்ட்டோடு சேர்த்துத் தொடையின் வெளிப்பக்கம் ஊசியைக் குத்தினார். சிறிது நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, மூச்சு வழிவிட்டது. நன்றாகிவிட்டது, போகிறேன் என்றேன். திரும்பவும் வரக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் அன்று முழுக்க வைத்துப் பார்த்தார்கள்.

அங்கே டாக்டர் நிதானமாகச் சொன்னார். வெறும் தடிப்பு மட்டும் வந்து போனால் அது ஒரு கதை. அதோடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், உதடோ நாக்கோ வீங்குதல், வாந்தி, மயக்கம் என்று சேர்ந்தால் அது வேறு கதை. அதற்கு அரிப்பு மாத்திரை போதாது, இந்த ஊசிதான். தோலில் தடிப்பு அமுங்கினாலும், சிலருக்குத் தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆபத்து உள்ளே இருக்கலாம். அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். சோதித்துப் பார்க்கும்வரை அந்த வகையையே தொடக்கூடாது.

"அப்ப வாரக்கணக்கா வந்ததும் இதானா?" என்று ராத்தா கேட்டார்.

"அது வேற. இது வேற."

"ரெண்டும் ஒரே தோல்லதானே டாக்டர் வருது?"

நானும் அதையேதான் கேட்க நினைத்தேன். இன்றும் தோளில் ஒரு தடிப்பு எழும்பினால், இது எந்தக் கதை என்று ஒரு நிமிடம் குழம்பித்தான் போகிறேன். மூச்சை இழுத்துப் பார்க்கிறேன், நாக்கைச் சுழற்றிப் பார்க்கிறேன், வாய்விட்டு ஏதாவது பேசிப் பார்க்கிறேன். பேனா வட்டம் போடுவதை விட்டுவிட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பது வேறு பேனா. அவசரத்துக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் பேனா ஊசி. ஒன்று என் கைப்பையில். இன்னொன்றை பிரிட்ஜில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் காரிலும் விடக்கூடாது என்றதும், ராத்தா தன் தட்டில் ஏலக்காய் டப்பாவை நகர்த்தி இடம் விட்டார். என் மஞ்சள் டப்பாவுக்குக் கிடைக்காத இடம்.

சண்டை நிற்கவில்லை. தினமும் காலையில் பால், குப்பை, குழாய் என்று எதையாவது பிடித்துக்கொண்டு என் கதவுக்கு வெளியே நின்று கத்துகிறார். நான் முழுசாக ஒரு வாக்கியம் பதில் சொல்லும்வரை நகர்வதில்லை. போன வாரம் எரிச்சலில் பேசாமலே படுத்திருந்தேன். ஒரு தரம் கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டார். பிறகு சத்தமில்லை. கதவு படாரென்று திறந்தது. கையில் பேனா ஊசியோடு, மூச்சிரைக்க, ராத்தா நின்றிருந்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். குரல் கம்மியிருந்தது அவருக்குத்தான்.