பெரியநாயகிக்கு நற்பேர் கேட்ட கம்பெனி

மலாக்கா பக்கம் செலண்டாரில், சாலையோரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியநாயகிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். விஷயம் தெரிந்தவர்கள் அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்ததுமே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

புருஷன் முனியாண்டி காய்ச்சலில் போனபின் ஏழு வருஷமாகக் கடை அவள் பேரில்தான் நடந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் ரப்பர் தோட்டத்து ஜனங்கள். மாதம் முழுக்க எழுதி வாங்குவார்கள், சம்பள நாளில் தீர்ப்பார்கள். அதனால் அவளுக்கும் சரக்கு ஒரு மாதத் தவணையில் கிடைத்தால்தான் கடை ஓடும். அந்தத் தவணையை ஜாசின் மொத்த வியாபாரி வடிவேலு கொடுத்துவந்தார். மாதக் கடைசியில் பில் வரும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் பெரியநாயகி பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு, முத்திரை ஒட்டிய ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவாள். ரப்பர் விலை விழுந்து தோட்டத்து லயத்து வீடுகள் பாதி காலியான வருஷத்தில்கூட இரண்டு வளையலை விற்றுக் கட்டினாளே தவிர, ஒரு நாள் தள்ளச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், வடிவேலு தரும் அதே சியாம் அரிசியை மலாக்கா ஆற்றங்கரைக் கம்பெனி ஒன்று மூட்டைக்கு அரை வெள்ளி குறைத்து விற்பது அவளுக்குத் தெரியவந்தது. வடிவேலு ஏழு வருஷமாகத் தன் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மறுவாரமே மலாக்காவுக்குப் போனாள்.

கம்பெனியில் புது வாடிக்கைக்காரர்களைக் கவனிக்கும் குமாஸ்தா, தோட்டத்து ஜனங்கள் வாயில் கிராணி, சபாரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டும், அளந்து பேசும் பேச்சுமாக இருந்தார்.

"ரொக்கத்துக்கு எண்டால் இண்டைக்கே ஏத்தலாம் அம்மா. முப்பது நாள் தவணை வேணுமெண்டால், உங்களுக்கு ஏற்கெனவே கடனுக்குச் சரக்குக் குடுக்கிற மூண்டு வியாபாரிகளின்ரை பேர் தாங்கோ. அவைக்கு நாங்கள் எழுதிக் கேப்பம்."

"என்னன்னு கேப்பீங்க, கிராணி ஐயா?"

"எத்தினை வருஷப் பழக்கம், ஒரே நேரத்திலை எவ்வளவு வரைக்கும் கடன் குடுத்தவை, தவணைக்குக் கட்டுறனீங்களோ, இதுதான்."

பெரியநாயகிக்கு முதலில் சுருக்கென்றது. பெண் பார்க்க வந்தவன் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி. ஆனாலும் நியாயம் அவளுக்கும் புரிந்தது. முகம் தெரியாதவளுக்குப் பத்து மூட்டையைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? வடிவேலு பேரைச் சொன்னாள். மலாக்காவில் கருவாடு தரும் சீன முதலாளி ஆ கியோங் தவுக்கே, புகையிலை தரும் காதர் மரைக்காயர். மூன்று பேரும் நல்லதைத் தவிர வேறு என்ன சொல்லப்போகிறார்கள்?

மூன்று வாரம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீஸில் படித்துச் சொன்னார்கள்: விசாரணையில் கிடைத்த பதில்களின்படி இப்போதைக்குத் தவணை தர இயலவில்லை, ரொக்கத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

"திரும்பப் படிங்க" என்றாள். திரும்பப் படித்தார்கள். அதே வார்த்தைகள்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் ஏறினாள். மடியில் ஒரு துணி மூட்டை.

"யாரு என்ன எழுதுனாங்க?" சபாரத்தினத்தின் மேசை முன்னால் நின்று கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அதை நான் சொல்லேலாது அம்மா. எங்களை நம்பி ரகசியமாக எழுதிற பதில். காட்டினால் நாளைக்கு ஒருத்தரும் உண்மை எழுத மாட்டினம்."

"இப்ப மட்டும் உண்மையா எழுதியிருக்காங்களா?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"என்னப் பத்தி எழுதுன காகிதம். என் பொழப்பு அதுல தொங்குது. எல்லாரும் படிக்கலாம், நான் மட்டும் படிக்கக்கூடாது. இது எந்த ஊரு நியாயம் ஐயா? திருடனைப் புடிச்சாக்கூட, இன்னார் உன் மேல இன்னது சொல்றான்னு கோர்ட்டுல சொல்லித்தானே கேப்பாங்க?"

மூட்டையை அவிழ்த்தாள். மூன்று கட்டு ரசீதுகள், ஒவ்வொன்றும் வாழைநாரால் கட்டியது. "மூணு பேரோடதும் இருக்கு. பில்லும் இருக்கு, ரசீதும் இருக்கு. எது பொய்யின்னு நீங்களே பாருங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன்."

சபாரத்தினம் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுகளைப் பிரித்தார். கருவாட்டுக் கட்டைச் சும்மா புரட்டினார். புகையிலைக் கட்டையும் அப்படியே. மூன்றாவதில் அவர் விரல் நின்றது. பில்லின் தேதியைப் பார்த்தார், ரசீதின் தேதியைப் பார்த்தார், அடுத்ததை எடுத்தார். போன வருஷத்துப் பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு ரசீதுகூடப் பத்தாம் தேதியைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் முத்திரைமேல் வடிவேலுவின் வளைந்த கையெழுத்து.

பெரியநாயகி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இருங்கோ" என்று சபாரத்தினம் ரசீதுகளோடு கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் போனார். அரை மணி நேரம் அவள் நின்றாள். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை.

திரும்பி வந்தவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "ஒருத்தரின்ரை சொல்லை மட்டும் பாத்தது பிழைதான். மற்ற ரெண்டு பேரும் நல்லாத்தான் எழுதியிருக்கினம். நீங்கள் கேட்டதிலை பாதிக்கு, முப்பது நாள் தவணை. மூண்டு மாதம் ஒழுங்காக் கட்டினால் முழுதும் தருவம் எண்டு துரை சொல்லுறார்."

"பாதியா?"

"அம்மா..."

"பொய் சொன்னவருக்குத் தண்டனை இல்ல. ஏழு வருஷம் ஒழுங்கா கட்டுனவளுக்குப் பாதி." ரசீதுகளை எண்ணி வாங்கிக் கட்டினாள். "சரி. பாதி அரிசியை ஏத்தச் சொல்லுங்க. என் சனங்க பசிக்கு என் கோவத்தைத் தின்ன முடியாது."

ஜாசினில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வடிவேலு கடை வாசலில் மிளகாய் மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. என்னா திடீர்னு?"

"அண்ணே, மலாக்கா கம்பெனிக்கு என்னப் பத்தி என்ன எழுதுனீங்க?"

"நல்லாத்தான் எழுதினேன்."

"அப்ப நாளைக்கு எங்கூட வாங்க. அந்தக் கிராணி முன்னாடி அதையே வாயால சொல்லிடுங்க."

வடிவேலு துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மிளகாய்க்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கோவிச்சுக்காத லா. ரொம்ப ஒண்ணும் எழுதல. கொஞ்சம் இழுத்துக் கட்டுவா, பாத்துக் குடுங்கன்னுதான்... நீ போயிட்டா மாசம் பத்து மூட்டை எனக்குப் போச்சு. எல்லாரும் செய்யிறதுதானே? யாவாரம்."

"வெலயக் கொறச்சிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்" என்றாள் பெரியநாயகி. பக்கத்தில் நின்றவர்கள் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது, அத்தனை மெதுவாகச் சொன்னாள். "வளையலை வித்து ஒங்களுக்குக் கட்டுனேன் அண்ணே. அதுக்கு அரிசி வெலயக் கொறைக்க ஒங்களுக்கு மனசு வரல. எம் பேரக் கொறைக்க மட்டும் வந்துச்சு."

அந்த மாதத்து பில் வருவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதுவரை எடுத்த சரக்குக்கு அங்கேயே கணக்குப் பார்க்கச் சொல்லி, கட்டி, ரசீது எழுதும் வரை நின்றாள். அவர் முத்திரையைக் கோணலாக ஒட்டினார். சரியாக ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தவணை முழுதாயிற்று. சபாரத்தினமே செலண்டாருக்கு வந்தபோது அந்தச் செய்தியைச் சிரித்த முகத்தோடு சொன்னார். பெரியநாயகி அவருக்குக் கோப்பி கொடுத்தாள், இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள்.

"மொதல்லயே குடுத்திருக்கலாம் ஐயா" என்றாள்.

குரல் தாழ்ந்திருந்தது. சபாரத்தினம் கோப்பியை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தார்.