போர்டு தெரியுதா, டீச்சர் தெரியுதா?

பொன்முடி ரோடு இடிந்து பஸ் நின்றுவிட்டது என்பது வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வகுப்பின் முதல் எட்டு நிமிஷம், வராதவர்களைச் சோம்பேறிகள் என்று கிழிகிழியென்று கிழித்திருக்க மாட்டேன். என் வாய் அப்படி.

அன்று வராதவர்களில் மலைமேல் எஸ்டேட் தொழிலாளர் லயத்துப் பெண் ஒருத்தியும் உண்டு. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமைப் பாடத்திலிருந்துதான் பெரிய கேள்வி. சனிக்கிழமை காலை கூப்பிட்டாள்.

"டீச்சர், ரோடு இடிஞ்சு நேத்து பஸ் வரல. கிளாஸ் வீடியோ அனுப்புவீங்களா? ரோட்டு வளைவுல போய் நின்னாத்தான் சிக்னல். அஞ்சு மணிக்கு மேல அங்க காட்டுப்போத்து வரும்." காட்டெருமையைச் சொல்கிறாள்.

போனைப் பெஞ்சில் சாய்த்து எடுத்த ஒன்றரை மணி நேர வீடியோ மூன்று ஜிபிக்கு மேல் இருந்தது. நாங்கள் மெசேஜ் அனுப்பும் செயலியிலோ அப்போது நூறு எம்பிக்கு மேல் ஒரு ஃபைல் போகாது. படத்தின் அளவை 240க்கு இறக்கி, தொண்ணூற்று இரண்டு எம்பியாக்கி அனுப்பினேன். எனக்கே என்மேல் பெருமை.

மதியம் பதில் வந்தது. "சத்தம் நல்லாக் கேக்குது டீச்சர். போர்டுல வெள்ளையா கோடு மாதிரி இருக்கு, எழுத்து ஒண்ணும் தெரியல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மலையாளியான லேப் அசிஸ்டென்டிடம் ஓடினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"போர்டு ஓடுதா டீச்சர்? ஓடுறது நீங்கதானே. செகண்டுக்கு முப்பது படம் எதுக்கு? அஞ்சு போதும் கேட்டோ. மிச்சமாகிறதை எழுத்துக்குக் கொடுப்போம்."

படத்தின் அளவை 720இல் வைத்தார். சத்தத்தை ஸ்டீரியோவிலிருந்து மோனோவாக்கினார். முதல் எட்டு நிமிஷத்தை ஓட்டிப் பார்த்தவர், என்னை நிமிர்ந்து பார்க்காமலே வெட்டி எறிந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எட்டு நிமிஷம் காலையிலேயே மலையேறி அவளிடம் போய்விட்டது. சத்தம் நன்றாகக் கேட்டது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்று ஐந்து எம்பி. நான் தலையாட்டி பொம்மைபோல் வெட்டி வெட்டி நகர்ந்தேன், ஆனால் போர்டில் அடுக்குக்குறிகூடத் தெளிவாக இருந்தது. மூன்றரை மணிக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ரோடு இடிஞ்சது தெரியாமத் திட்டிட்டேன்மா. தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோ." அதைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை.

நாலரை வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் வந்தது.

"பரவால்ல டீச்சர். போர்டு நல்லாத் தெரியுது. மூணாவது வரியில பிளஸ் போட்டிருக்கீங்க, மைனஸ்தானே வரணும்?"

வீடியோவைத் திறந்து பார்த்தேன். மைனஸ்தான் வர வேண்டும். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.