சின்னப் படத்தில் அண்ணன்

அவர் வேலை பார்க்கிற கட்டடங்களில் எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆட்கள் கூச்சல் போடும்போது, அவர் குரல் வெளியிலிருந்து கேட்டால் போதும், பாதிப் பயம் போய்விடும். "யாரும் கதவத் தள்ளாதீங்க, சும்மா சாஞ்சு நில்லுங்க, கீழ எல்லாம் விழாது" என்று அவர் சொல்கிற விதத்திலேயே ஒரு தெம்பு இருக்கும். கை நிறைய கிரீஸும், சட்டைப் பையில் டெஸ்டருமாகத் திரிகிற மனிதர். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அப்புறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டில் அவர் சின்னவன். பெரியவன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். கரையில் இருக்கும்போது மனைவி பிள்ளைகளோடு வேறு ஊரில் குடித்தனம். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டது சின்னவன்தான். இதை யாரும் முடிவு செய்யவில்லை. அவர் வீட்டிலேயே இருந்தார், அதனால் அவர் பொறுப்பானது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. அக்கா ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்தவள். அம்மா இரண்டு பக்கமும் தவித்துவிட்டு, "நீ இருக்கேல்ல, பாத்துக்கடா" என்று சொல்லி அக்கா வீட்டுக்குப் போனாள்.

அவரும் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போவார். உடம்பைத் துடைப்பார், துணி மாற்றுவார், கஞ்சி ஊட்டுவார். கஞ்சிதான் பெரிய போராட்டம். அப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்வார். ஒவ்வொரு கரண்டிக்கும் கெஞ்ச வேண்டும். பாதி தாடையில் வழியும். "இந்த ஒரு வாய்தான்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை வறண்டுவிடும்.

ஒரு மத்தியானம் அண்ணன் வந்தான். கப்பல் பக்கத்துத் துறைமுகத்தில் நிற்கிறதாம், சாயங்காலம் கிளம்பிவிட வேண்டுமாம். கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தோளில் கை போட்டு, "என்ன தலைவரே, சாப்பிட மாட்டேன்னு தகராறு பண்றீங்களாமே" என்றான். அவ்வளவுதான். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணினாலும் கண்ணெல்லாம் சிரித்தது. அண்ணன் கரண்டியை நீட்ட, வாயைத் திறந்து கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார்.

"ஒரு போட்டோ எடுடா" என்றான் அண்ணன். அக்கா வீட்டுக்காரர் கொடுத்து வைத்திருந்த சின்ன கேமராவில் சின்னவர் அதை எடுத்தார். இத்தனை நாள் கெஞ்சியும் தனக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காத சிரிப்பு அது.

போகும்போது அண்ணன், "அம்மாகிட்ட நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடு. கடலுக்குள்ள போயிட்டா எனக்கு போன் கிடைக்காது" என்றான். சரி என்றார்.

அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். அப்பா எப்படி இருக்கிறார், சாப்பிட்டாரா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "பெரியவன் வந்தானாடா?" என்றாள். அப்போதுதான் அவர் அப்பாவின் படுக்கை விரிப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லம்மா."

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரமே அப்பாவுக்கு மறுபடி பக்கவாதம் தாக்கியது. அதோடு போய்விட்டார்.

பெரியவன் கப்பலிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலிலேயே அம்மா, "உயிரோட இருக்கும்போது எட்டிப் பாக்க உனக்கு நேரமில்ல, இப்ப யாரப் பாக்க வந்த?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான்தான் வந்தேனே என்று அவன் சொல்லிவிடுவான் என்று தம்பி காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனதைத்தான் அம்மா குத்திக்காட்டுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அம்மா அவனோடு பேசவில்லை. அவன் போன் செய்தால் சின்னவரிடம் நீட்டிவிடுவாள்.

வருஷம் ஒன்று ஓடியது. வீட்டுச் சுவரில் மாட்ட அப்பாவின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட வேண்டும் என்றாள் அம்மா. இருந்த படங்களிலெல்லாம் அப்பா விறைத்துக்கொண்டு நின்றார். சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான். சின்னவர் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அதிலிருந்த பழைய சாஃப்ட்வேரில் திறந்து, அண்ணனின் தோள், கை, கரண்டி எதுவும் தெரியாதபடி அப்பாவின் முகத்தை மட்டும் நெருக்கி வெட்டினார். அதே பெயரிலேயே சேமித்தார். முழுப் படம் இருந்த இடத்தில் வெட்டிய படம் உட்கார்ந்துகொண்டது. கேமராவிலிருந்ததையும் அழித்துவிட்டு அக்கா வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் வெறும் பெயர்களாகத்தான் வரிசையாக நிற்கும். திறந்து பார்த்தார், அப்பா மட்டும் இருந்தார். வேலை முடிந்தது என்று நினைத்தார்.

ஃப்ரேம் அளவைத் தானே பார்க்க வேண்டும் என்று அம்மாவும் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினாள். கவுன்ட்டரில் இருந்த பெண் கெட்டிக்காரி, வாய் ஓயாமல் பேசுகிறவள். வாடிக்கையாளர் பார்ப்பதற்காகவே ஒரு திரையை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர் திறந்து, அதில் குட்டியாய் ஒரு படம் தெரிந்தது.

"ரெண்டு பேரையும் சேத்து போடணுமாம்மா, இல்ல பெரியவர் மட்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ரெண்டு பேரா?" அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். "இது பெரியவன்ல?"

அந்தப் பெண் படத்தைத் திறந்தாள். திரை நிறைய அப்பா. வேறு யாருமில்லை. பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனான்? முன்னாடி இருந்தானே. மறுபடி காட்டும்மா."

மூடினாள். குட்டிப் படத்தில் அண்ணன் அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு கரண்டியோடு உட்கார்ந்திருந்தான். திறந்தாள். அப்பா மட்டும்.

"ஓ, அதுவா" என்று சிரித்தாள் அந்தப் பெண். "யாரோ வெட்டியிருக்காங்கம்மா. கேமரா படம் எடுக்கும்போதே அதே ஃபைலுக்குள்ள ஓரமா ஒரு குட்டிப் படத்தையும் வச்சிடும். ஃபோல்டரத் தொறந்தா ஒவ்வொரு பெரிய படத்தையும் முழுசா படிச்சுக் காட்ட நேரமாகும்ல, அதனால இந்தக் குட்டியத்தான் டக்குனு காட்டும். நல்ல சாஃப்ட்வேரா இருந்தா வெட்டினதும் குட்டியையும் புதுசா பண்ணிடும். சிலது பெரிய படத்த மட்டும் வெட்டிட்டு மத்தத அப்படியே ஒட்டி வச்சிடும். குட்டிக்கு நாம வெட்டினதே தெரியாது, பாவம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. திரும்பி மகனைப் பார்த்தாள்.

"இது ஆஸ்பத்திரி கட்டில்தானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"நான் அக்கா வீட்ல இருந்தப்பவா?"

"ஆமாம்மா."

"வரலன்னியே."

கவுன்ட்டர் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சட்டென்று வாயை மூடிக்கொண்டு ஃப்ரேம்களை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா கையைக் கவுன்ட்டர் மேல் ஊன்றி நின்றாள். "அந்தக் குட்டிப் படத்தப் பெரிசா போட்டுக் குடும்மா" என்றாள்.

"வராதும்மா. தபால்தலை அளவுக்கு மேல போனா கட்டம் கட்டமா உடஞ்சிடும். முழுப் படம் இருந்தா கொண்டாங்க, அருமையா போட்டுத் தரேன்."

"முழுப் படம் எங்கடா?"

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

கேமராவின் மெமரி கார்டிலிருந்து மீட்க முடியுமா என்று மறுநாளே அக்கா வீட்டுக்காரரிடம் ஓடினார். அந்தக் கார்டு முழுக்கக் குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள் ஏறி நிரம்பியிருந்தன. கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டினார். இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் அந்தக் கவுன்ட்டர் பெண்ணே குட்டிப் படத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, தபால்தலை அளவில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தாள். அதில் அப்பாவின் கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஆனாலும் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

அம்மா திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பட்டது அவருக்கு. "நீ அவர அள்ளி எடுத்துப் பாத்துக்கிட்ட, உன்ன நான் எந்த வாயால கேக்கிறது" என்று மட்டும் சொன்னாள். பெரியவனுக்கு அவளே போன் செய்தாள். அவன் கடலில் இருந்தான், கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. கிடைத்த அன்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு "தப்பு பண்ணிட்டேன்டா, நீ வந்தது எனக்குத் தெரியாதுடா" என்று அழுதாள். தப்பு செய்தவர் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் அண்ணன் நேரே வீட்டுக்கு வந்தான். ராத்திரி வரை காத்திருக்கவில்லை. மொட்டை மாடியில் தம்பியைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"ஏன்டா?"

"நீ ஊட்டினா சாப்பிட்டாரு. நான் ஊட்டினா துப்பினாரு."

அண்ணன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "வருஷக்கணக்கா அவரு பக்கத்துல இருந்தவன் நீ. எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான்டா இருந்துச்சு" என்றான். அவன் குரலில் கோபம் இல்லை.

கொஞ்ச காலம் பெரியவன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள் அம்மா. ஒரு வருஷம் பேசாமல் இருந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்ச காலம் நீண்டுகொண்டே போனது. வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்வாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, மழை உண்டா என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் அவர் உள்ளது உள்ளபடி பதில் சொல்வார். சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்பார். "ஏன்டா சாப்பிடல?" என்று அம்மா பதறுவாள். பசிக்கவில்லை என்பார். அதுவும் உண்மைதான்.

இப்போதும் லிஃப்ட் எங்காவது நின்றால் அவர்தான் ஓடுகிறார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார்கள். கையெல்லாம் கிரீஸ் என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு, அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்.