கணக்கை விட்டு நகர்ந்தவள்

அந்த வீட்டு மூத்த பெண்ணுக்கு விடாக்கண்டி என்று பட்டப்பெயர் வைத்தது அவள் மாமா. ஒரு பேச்சை எடுத்தால் எதிராளி ஓய்கிற வரை விடமாட்டாள். அந்தக் குணமே மருத்துவ நுழைவுத் தேர்வில் அவள் காலை வாரிவிட்டது. இயற்பியலில் வந்த ஒரு மின்சுற்றுக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தாள். உயிரியலின் கடைசிச் சில பக்கங்களைத் திருப்புவதற்குள் மணி அடித்துவிட்டது.

கலந்தாய்வில் பல் மருத்துவ இடம்தான் வந்தது. மறுநாள் மாலைக்குள் போய்ச் சேரவில்லை என்றால் அதுவும் போய்விடும்.

"பல் டாக்டரும் டாக்டர்தானே? அடுத்த வருஷம் இதுவும் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவ?" என்றார் மாமா.

அவள் வினாத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அன்று விட்டுப்போன உயிரியல் கேள்விகளை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தாள். ஏறக்குறைய எல்லாமே சரி.

"எனக்குப் படிப்பு வராம இல்ல மாமா. வராத கணக்கை விட்டுட்டு நகரத்தான் வரல."

தையல் மெஷினில் இருந்த அம்மா காலை நிறுத்தினாள். "இனிமே வருமா?"

"வர வைக்கிறேன்மா."

"அப்ப இரு. ஒரு வருஷம்தான். அடுத்த தடவை எது கிடைச்சாலும் மூச்சுக் காட்டாம போய்ச் சேரணும்."

லேசான வருஷமா அது? கூடப் படித்தவர்கள் வெள்ளைக் கோட்டு மாட்டிப் படம் போட்டார்கள். விடாக்கண்டி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. மெஷினை மிதித்தபடியே அம்மா ஒரு கண்ணை அவள் பேனாமேல் வைத்திருப்பாள். பேனா ஒரே இடத்தில் நின்றால், "அடுத்தது!" என்று ஓர் அதட்டல்.

"இன்னும் ஒரே வரிதாம்மா!"

"அந்த ஒரு வரிதாண்டி உன் சீட்டைத் தின்னுச்சு. அடுத்தது!"

இரண்டாம் தடவை உயிரியலை முதலில் முடித்தாள். கடைசியாக எடுத்த இயற்பியலில் அதே ஜாதி மின்சுற்றுக் கணக்கு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கை அரித்தது. ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது நேரம் மிச்சமிருந்தது, கணக்கும் வழிக்கு வந்தது.

இந்த முறை வந்தது அரசு மருத்துவக் கல்லூரி. அம்மா கழுத்தில் டேப்போடு தெருவுக்கு ஓடி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னாள். "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று மாமா கூசாமல் மார்தட்டினார்.

சேரப் போன அன்று, கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"இந்த இடமே போதுமா? இல்ல, அடுத்த சுற்றுல வேற காலேஜுக்குக் காத்திருந்து பாக்கறீங்களா?"

அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"நாங்க காத்திருந்தது போதும் சார். பிள்ளையைச் சேத்துக்கங்க!"