ஆறாம் நாற்காலிக்கு ஏழு வரி

“ஒரே ஆளோட பேரை ஏழு வாட்டி எழுதியிருக்கீங்களேக்கா?” என்று கேட்டேன். டயாலிசிஸ் நிலையத்தின் பதிவு ஜன்னலுக்குப் பின்னால், அங்கே உட்காரும் அக்காவின் எக்செல் தாளை நான் முதன்முறையாகப் பார்த்த நாள் அது.

“டாக்டரோட ஆர்டர் ஏழு இருக்கு, ஏழு வரி இருக்கு. ஒவ்வொரு வரியிலயும் ஆள் யாருன்னு வேணாமா? நடுவுல ஒரு வரியை மட்டும் பாக்கிறவங்க யாரைப் போய்க் கேப்பாங்க?”

“புது சாஃப்ட்வேர்ல அப்படி வேண்டாம்க்கா. ஆள் ஒரு தடவைதான். அவருக்குள்ளயே அவரோட மருந்து, ஊசி எல்லாம் ஒரு பட்டியலா இருக்கும்.”

“ஒரு வீட்டுக்கு ஒரு கதவு மாதிரி. நல்லதுதான்.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஒண்ணு சொல்லிடறேன் பாப்பா. ஜனவரியில ஒரு வாட்டி எல்லாத்தையும் ஃபைல் நம்பர்படி அடுக்குவேன். அதுக்கப்புறம் டாக்டர் எது புதுசா எழுதினாலும் கடைசியிலதான் போடுவேன். நடுவுல வரி சொருகவே மாட்டேன்.”

“சரிக்கா.”

“சொருகினா நர்ஸ் கையில இருக்கிற பிரின்ட்டோட வரி நம்பர் மாறிப்போயிடும். ஒரு தடவை பட்டிருக்கேன்.”

“சரிக்கா” என்றேன் மறுபடியும். அப்போது நான் தாளின் தலைப்புகளை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

நிலையத்தில் எல்லோரும் அவரை ரெஜிஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடங்களுக்கு முன் அவர் இங்கே வேலைக்கு வரவில்லை. தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சும்மா உட்கார முடியாதவர், பதிவேட்டில் கோடு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். ஆறு வருடம் கழித்துத் தம்பி போனபின், ஜன்னலுக்குப் பின்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்தார். தம்பியின் வரிகளை அழிக்காமல் தனிக் கோப்பில் வைத்திருந்தார். “இடத்தையா அடைச்சுக்குது?” என்பார்.

என் வேலை அவருடைய தாளைப் புதிய சாஃப்ட்வேர் படிக்கக்கூடிய ஜேசன் என்கிற வடிவத்துக்கு மாற்றுவது. தாளில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். நான் எழுதிய நிரல் மேலிருந்து கீழே படிக்கும். ஃபைல் எண் மாறினால் புதிய நோயாளியைத் தொடங்கும். மாறாதவரை வரும் ஆர்டர்களை அவருடைய பட்டியலில் சேர்க்கும். ஓட்டி முடித்ததும் எல்லாப் பட்டியல்களிலும் உள்ள ஆர்டர்களைக் கூட்டிப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

புதிய முறை தொடங்கிய காலை, பழைய கோப்புகளையெல்லாம் மேலாளர் கீழ்த்தளத்தில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். ஏழு மணிக்கு முதல் குழு உள்ளே போனது. வருகிற ஒவ்வொருவருக்கும் திரையிலிருந்து அவருடைய ஆர்டர்களோடு ஒரு சீட்டு அச்சாகும். அதை வைத்துத்தான் நர்ஸ் எந்திரத்தைத் தயார் செய்வார். ஆறாம் நாற்காலிக்குரிய ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஜன்னலில் கையெழுத்துப் போட்டார்.

“என்னக்கா, உங்க நோட்டுக்கு இன்னையோட விடுதலையா?”

“எனக்கு விடுதலை, உங்களுக்கு எங்க? போய்ப் படுங்க சார்.”

அவர் சீட்டு உள்ளே போய்ச் சில நிமிடங்கள் இருக்கும். அதன் நகல் தட்டில் கிடந்தது. அக்கா அதைக் கோப்பில் குத்தப் போனவர், குத்தாமல் நின்றார்.

“பாப்பா, இதுல ஒண்ணுதான் இருக்கு.”

“என்னக்கா ஒண்ணு?”

“வாத்தியாருக்கு ஏழு வரி. இதுல இரும்புச் சத்து ஊசி மட்டும்தான் இருக்கு. போன மாசம் நான் கடைசியில போட்டது.” சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “அவருக்கு ஹெப்பாரின் ஆகாதுன்னு ஒரு வரி இருக்கே. அது எங்க?”

ஹெப்பாரின், எந்திரத்துக்குள் ஓடும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து. வேண்டாம் என்று ஆர்டர் இல்லாவிட்டால் எல்லோருக்கும் போடுவார்கள்.

அக்கா உள் தொலைபேசியை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். முழங்கால் வலிக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று நடையிலேயே கழன்று கிடந்தது. நான் பின்னால் போய்ச் சேரும்போது நர்ஸின் கையில் ஊசிக்குழல் இருந்தது.

“நிறுத்தும்மா! அவருக்கு அது ஆகாது!”

“சீட்டுல ஒண்ணும் போடலையேக்கா.”

“சீட்டு பொய். கையை எடு.”

நர்ஸ் கையை எடுத்தார். ஊசிக்குழலில் மருந்து நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் போகவில்லை. வாத்தியார் கண்ணைத் திறந்து, “என்ன, பரீட்சை ஹாலா இது?” என்றார்.

“இன்னும் எத்தனை பேருக்கு இப்படி?” என்று அக்கா என்னைக் கேட்டார்.

மடிக்கணினியில் ஜேசன் கோப்பைத் திறந்து வாத்தியாரின் ஃபைல் எண்ணைத் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. மேலே ஆறு ஆர்டர்களோடு ஒரு வாத்தியார். கடைசிக்குப் பக்கத்தில் ஒரே ஆர்டரோடு இன்னொரு வாத்தியார். எண் மாறியதும் புதிய ஆளைத் தொடங்கு என்று நான்தானே சொல்லியிருந்தேன். அவர் முன்பே வந்திருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லவில்லை. சாஃப்ட்வேரில் ஏற்றும்போது ஒரே எண் இரண்டாம் முறை வந்தால், புதியது பழையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். கோப்பில் கூட்டல் சரியாக இருந்தது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

“நம்ம நிலையத்துல மொத்தம் எத்தனை பேர், அக்கா?”

“எரநூத்திப் பதினாலு.” யோசிக்கக்கூட இல்லை.

கோப்பில் இருநூற்று முப்பத்து மூன்று பேர் இருந்தார்கள். பத்தொன்பது பேர் அதிகம்.

“ஜனவரிக்கு அப்புறம் கடைசியில போட்டது பத்தொம்பது வரிதான்” என்றார் அக்கா. “ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளுக்கு.” விரல் விட்டு அவர்கள் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். நர்ஸ் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். அந்தக் குழுவில் வாத்தியாரைத் தவிர இன்னும் இரண்டு பேர் அப்படி இருந்தார்கள். அவர்களுடைய எந்திரங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. என் மடிக்கணினியில் இருந்த அக்காவின் பழைய தாளைப் பார்த்துத்தான் அன்று மருந்து கொடுத்தார்கள்.

நான் நிரலைத் திருத்தினேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும், அந்த ஃபைல் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அவருடைய பட்டியலிலேயே ஆர்டரைச் சேர்க்கும். இல்லாவிட்டால்தான் புதிய ஆள். வரி தாளில் எங்கே கிடந்தாலும் கவலையில்லை. மறுபடி ஓட்டினேன். ஆர்டர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, ஆட்கள் இருநூற்றுப் பதினான்கு. வாத்தியாரின் பட்டியலை அக்கா திரையில் விரல் வைத்து எண்ணினார். ஏழு. பிறகுதான் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

மதியம் மேலாளர் வந்து, “தாள் கண்டபடி கிடந்தா இப்படித்தான் ஆகும். பழைய ஆளுங்களை வச்சுக்கிட்டு மாரடிக்க வேண்டியிருக்கு. என்ன நடந்ததுன்னு எழுதிக் குடு” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவைப் பார்க்கவே இல்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் சேதம் வராதபடி எழுத உட்கார்ந்தேன். ‘வரிகளின் அமைப்பு காரணமாகச் சில பதிவுகள் விடுபட நேர்ந்தது’ என்று தட்டினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தார்.

“இதுல யார் என்ன செஞ்சாங்கன்னே இல்லையே பாப்பா.”

“உங்களுக்குப் பிரச்சினை வரக் கூடாதுன்னுதான்க்கா.”

“எனக்காகப் பூசி மெழுகாத.” நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “வரியை எண்ணினோம், ஆளை எண்ணலைன்னு எழுது. கடைசியில போடுவேன்னு நான் முன்னாடியே சொன்னதையும் எழுது. அப்புறம் ஒண்ணு கேக்கிறேன், செய்வியா? அடுத்த வாட்டி ஏத்தறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. நீ வரியை எண்ணு, நான் ஆளை எண்ணறேன்.”